மஞ்சள் மேலும், பச்சை இருப்பினும்

ஆய்வு நெறியாளர் திருப்பி அனுப்பிய கட்டுரையை அவள் கைபேசியில் திறந்தது, இரவுப் பணி முடிந்து உடை மாற்றும் அறையில் செருப்பைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்தபோது. யாருடைய கோப்போ தவறி வந்துவிட்டதென்று நினைத்தாள். பக்கமெல்லாம் மஞ்சளும் பச்சையும் அள்ளித் தெளித்ததுபோல் இருந்தது. விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். மஞ்சள் அடித்த இடத்திலெல்லாம் ‘மேலும்’. பச்சை அடித்த இடத்திலெல்லாம் ‘இருப்பினும்’, அதற்குத் துணையாக ‘இருந்தாலும்’. ஓரத்தில் ஒரே ஒரு குறிப்பு: ‘இணைப்புச் சொற்கள் அளவுக்கு மீறித் திரும்ப வருகின்றன. சரிசெய்து நாளை காலை காட்டவும். புதன் மாலை கையெழுத்துக்குக் கடைசி.’

“அக்கா, இது ஆராய்ச்சியா, பூந்தோட்டமா?” என்று தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள் ரேடியோ. அவளும் நர்ஸ்தான், அதே பகுதிநேர முதுகலைப் படிப்பில் இவளோடு படிக்கிறவள். வாய் ஓயாது என்பதால் வார்டில் வைத்த பெயர். ஊசி போடும்போதுகூட நிறுத்தமாட்டாள். நோயாளிகள் அவள் பேச்சு எப்போது முடியும் என்ற கவலையில் ஊசி வலியை மறந்துவிடுவார்கள்.

“சொல்லு திரும்பத் திரும்ப வருதாம்.”

“இவ்வளவுதானா? எனக்கும் இதையேதான் சொன்னாங்க. என்கிட்ட ஒரு பட்டியல் இருக்கு, அனுப்புறேன். மேலும்னு வந்தா அத்துடன், கூடுதலாக, அதுமட்டுமின்றி. இருப்பினும்னா எனினும், ஆயினும், இருந்தபோதிலும். ஃபைண்ட் போட்டு ரீப்ளேஸ் ஆல் கொடுங்க. டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும்.”

“அவ்வளவு சுலபமா?”

“நீங்கதான் எல்லாத்தையும் கஷ்டமாக்கிக்குவீங்க. இந்தப் பட்டத்த வாங்குங்க மொதல்ல. பயிற்சிப் பள்ளியில நாற்காலி காத்துக்கிட்டிருக்கு.”

நாற்காலி. அந்தச் சொல்லைக் கேட்டதும் அவளுடைய முழங்கால்கள் இரண்டும் காது கொடுத்ததுபோல் இருந்தது. பயிற்சிப் பள்ளியில் ஆசிரியர் இடம் ஒன்று காலியாகிறது. பட்டம் இருந்தால் அவளுக்குக் கிடைக்கும் என்று தலைமைச் செவிலி வாய்விட்டே சொல்லியிருந்தாள். இரவுப் பணி கிடையாது. உட்கார்ந்து பார்க்கிற வேலை. புதன்கிழமை கையெழுத்து விழாவிட்டால் இந்த ஆண்டு பட்டம் கிடையாது, அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள். தூக்கம் என்பதை ஓர் ஆசையாகவே வைத்துக்கொண்டிருக்கிற அவளுக்கு, இது உயிர்ப் பிரச்சினை என்றால் மிகையில்லை.

வீட்டுக்கு வந்தபோது அப்பா விழித்திருந்தார். பக்கவாதத்துக்குப் பிறகு இடப்பக்கம் அசையாது. பேச்சு மட்டும் கொஞ்சம் குழறலோடு திரும்பியிருந்தது. பகலில் இவளும், இவள் இரவுப் பணிக்கோ வெளியிலோ போகும்போது பக்கத்து வீட்டு ஆயாம்மாவும் பார்த்துக்கொண்டார்கள். அவரைத் திருப்பிப் படுக்கவைத்து, முதுகில் புண் வந்திருக்கிறதா என்று பார்த்து, துடைத்து, கஞ்சியை ஊட்டினாள். வார்டில் செய்ததையே மறுபடி செய்வது. அங்கே சீருடை, இங்கே நைட்டி.

“பாப்பா, பரீட்சை இன்னும் முடியலையா?” என்றார் அப்பா. நாற்பதைத் தாண்டியும் அவளை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

“பரீட்சை இல்லப்பா, கட்டுரை.”

“எதைப் பத்தி?”

அவள் கஞ்சிக் கிண்ணத்தை வழித்தாள். படுக்கையில் கிடப்பவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களின் களைப்பைப் பற்றி என்று அவரிடம் எப்படிச் சொல்வது? “ஆஸ்பத்திரி விஷயம்தான்பா” என்றாள்.

வழக்கம்போல அந்த நேரத்துக்குத் தம்பி கூப்பிட்டான். வேறு ஊரில் இருக்கிறான். தவறாமல் பேசுவான், அதில் குறை சொல்ல முடியாது.

“அக்கா, அப்பா எப்படி இருக்காரு?”

“அப்படியேதான்டா. நேத்து ராத்திரி ஆயாம்மாவைத் தூங்கவே விடலையாம். எனக்கும் இடுப்பு விட்டுப்போச்சு. இருந்தாலும் பரவால்ல, ஓடுது.”

“நீ இருக்கறதால நான் நிம்மதியா இருக்கேன்க்கா” என்றான். அவன் சொன்னது உண்மை. உண்மையிலேயே நிம்மதியாக இருந்தான்.

பிறகு மடிக்கணினியைத் திறந்தாள். ரேடியோவின் பட்டியல் வந்திருந்தது. ஓர் இயலைத் தேர்ந்தெடுத்து ‘மேலும்’ எல்லாவற்றையும் ‘அத்துடன்’ ஆக்கினாள். அடுத்த இயலில் ‘கூடுதலாக’. ‘இருப்பினும்’ ஓரிடத்தில் ‘எனினும்’ ஆயிற்று, ‘இருந்தாலும்’ எல்லாம் ‘ஆயினும்’ ஆயிற்று. ஒவ்வொரு முறையும் கணினி, இத்தனை மாற்றங்கள் செய்யப்பட்டன என்று பணிவாகச் சொன்னது. டீ ஆறவில்லை. படித்துப் பார்க்கலாம் என்றுதான் நினைத்தாள். கண்கள் ஒத்துழைக்கவில்லை. கஞ்சி குடித்துக் கண்ணயர்ந்த அப்பா விழிப்பதற்குள் கொஞ்சம் தூங்கவேண்டும்.

மறுநாள் காலை நெறியாளரின் அறைக்குப் போனபோது அங்கே உட்கார இடமில்லாமல் கட்டுரைகள் நாற்காலிகளில் அடுக்கியிருந்தன. நெறியாளர் இவளைவிட வயதில் சிறியவள். கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு, ஆறிய காப்பியைக் குடித்துக்கொண்டே படிப்பவள். இவளை சிஸ்டர் என்றுதான் அழைப்பாள். இவள் அவளை மேடம் என்பாள். இருவருக்கும் அது கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

“ஒரு கட்டு அங்க எடுத்து வெச்சிட்டு உக்காருங்க சிஸ்டர். எல்லாரும் ஒரே வாரத்துல கொடுத்துட்டீங்க, நான் எங்க போவேன்” என்று சொல்லிக்கொண்டே திரையில் ஓட்டினாள். சட்டென்று நின்றாள். உதட்டைக் கடித்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்பது இவளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று.

“இதை வாசிங்க.”

பங்கேற்பாளர் ஏழு. ஆய்வுக்காக இவள் நேர்காணல் செய்தவர்களில் ஒருத்தி, தாயைப் பார்த்துக்கொள்ளும் தையற்காரப் பெண். மேற்கோள் குறிக்குள் இப்படி இருந்தது: ‘எனக்கு யார் அத்துடன் கோபம் இல்லீங்க. ராத்திரி பத்து வாட்டி கூப்புடும். ஆயினும் எந்திரிச்சித்தானே ஆகணும்.’

இவளுக்குக் காது சூடேறியது. அந்தப் பெண் ‘யார் மேலும் கோபம் இல்லீங்க’ என்றுதான் சொல்லியிருந்தாள். ரீப்ளேஸ் ஆல் என்றால் ஆல்தான். கட்டுரையின் பேச்சு எது, அந்தப் பெண்ணின் பேச்சு எது என்று அதற்கு எப்படித் தெரியும்?

“தையல் மெஷின்ல உக்காந்துக்கிட்டு யாராவது ‘ஆயினும்’னு பேசுவாங்களா சிஸ்டர்?” நெறியாளர் இப்போது சிரிக்கவில்லை. “எனக்குத் தெரியும், இது கணினி பண்ணின கூத்து. வெளியிலேர்ந்து வர்ற தேர்வாளருக்குத் தெரியாது. வீட்டுல உக்காந்து நேர்காணலைக் கதை கட்டிட்டாங்கன்னு நினைப்பாரு. மத்தவங்க வாயில வந்த வார்த்தையை நாம தொடக்கூடாது. அது நம்மளோடது இல்ல.”

“பழைய கோப்பு இருக்கு மேடம். அதுலேர்ந்து எடுத்துப் போட்டுடறேன்.”

“போடலாம். ஆனா எதுக்கும் ஒலிப்பதிவோட ஒரு தடவை ஒத்துப்பாத்துடுங்க. வெச்சிருக்கீங்கல்ல?”

“வெச்சிருக்கேன்.”

“சொல்லு விஷயத்துக்கு வருவோம். நான் மாத்துச் சொல்லு போடுங்கன்னு சொல்லல. குறிப்புல சுருக்கமா எழுதினது என் தப்புதான், எழுதி எழுதிக் கை ஓய்ஞ்சிடுச்சு.” தான் வண்ணமடித்த பழைய கோப்பைத் திறந்து ஒரு பத்தியைச் சுட்டினாள். “பாருங்க. இங்க மூணு மேலும். மூணையும் எடுத்துட்டு வாசிங்க. ஏதாவது கொறையுதா? கொறையல. அப்ப வேண்டாம். இந்த இடத்துல ரெண்டாவது வாக்கியம் மொதலாவதுக்கு உதாரணம். அப்ப ‘எடுத்துக்காட்டாக’ன்னு சொல்லுங்க, வாசிக்கறவங்களுக்கு வழி தெரியும். இது காரணம், ‘இதனால்’. இங்க ரெண்டு வாக்கியத்தையும் ஒண்ணாச் சேத்துட்டாப் போதும். ஒவ்வொண்ணுக்கும் நின்னு, இதுக்கும் அதுக்கும் என்ன உறவுன்னு கேக்கணும். உறவே இல்லைன்னா எந்தச் சொல்லு போட்டும் ஒட்டாது.”

“இருப்பினும்?”

“அதுவும் அப்படித்தான். மெய்யாவே எதிராப் போகுதான்னு பாருங்க. போனா இருக்கட்டும், நாலு இடத்துல வந்தாலும் தப்பில்ல.” கடைசிப் பக்கங்களுக்கு ஓட்டினாள். “ஆனா உங்க இருப்பினும் எல்லாம் ஒரே மாதிரி இருக்கே சிஸ்டர். தூக்கமில்லை, இருப்பினும் மனநிறைவு. வேலை போச்சு, இருப்பினும் மனநிறைவு. முதுகுவலி, இருப்பினும் அன்போடு செய்கின்றனர். மத்த இடத்துல எல்லாம் வாக்கியத்துக்குப் பின்னாடி பங்கேற்பாளர் எண் இருக்கு. இதுக்கு மட்டும் எண் இல்ல. யார் சொன்னது?”

“எல்லாரும் சொன்னாங்க மேடம்.”

“அப்ப எண் போடுங்க. முடிவுரையே அது மேலதான் நிக்குது. நாளைக்குச் சாயங்காலம் வரை இங்கதான் இருப்பேன்.”

எல்லாரும் சொன்னார்கள் என்று அவள் உறுதியாக நம்பினாள். பேருந்தில் நின்றுகொண்டே யார் யார் என்று நினைத்துப் பார்த்தாள். முகங்கள் நினைவில் வந்தன. மடித்த போர்வைகள், மருந்துப் பெட்டிகள், ஈரத் துணி உலரும் கொடிகள் எல்லாம் வந்தன. வாசகம் மட்டும் வரவில்லை. தூக்கக் கலக்கம், பதிவைக் கேட்டால் கிடைத்துவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அன்று அவளுக்கு விடுப்பு. மதியம் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காதில் இயர்போனைச் செருகிக்கொண்டாள். பழைய கோப்பைத் திறந்து முதலில் மஞ்சளைத் தீர்த்தாள். ஒவ்வொன்றுக்கும் நின்று, என்ன உறவு என்று கேட்கத் தொடங்கியதும் அவளுக்கே வெட்கமாயிற்று. பாதி ‘மேலும்’களுக்கு ஒரு வேலையும் இல்லை. வார்டில் பணி மாறும்போது அறிக்கை சொல்கிற பழக்கம்: காய்ச்சல் குறைந்தது, அப்புறம் சிறுநீர் சரி, அப்புறம் கட்டுப் போட்டாயிற்று. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு, எது எதனால் என்று மருத்துவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று நகர்ந்துவிடுவது. கட்டுரையிலும் அப்படியே அடுக்கியிருந்தாள். சொல்லை எடுக்க எடுக்க வாக்கியங்கள் அருகருகே வந்து நின்றன. சில ஒன்றையொன்று தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அவற்றை வேறு பத்திக்கு அனுப்பினாள். சில இடங்களில் ‘இந்தத் தூக்கமின்மை’ என்று முந்தைய வாக்கியத்தின் பொருளையே கையில் பிடித்துக்கொண்டு அடுத்ததைத் தொடங்கினால் போதுமாக இருந்தது.

பிறகு மேற்கோள்களைப் பதிவோடு ஒத்துப்பார்த்தாள். பங்கேற்பாளர் ஏழின் முறை வந்தது.

தையல் இயந்திரம் ஓடுகிற சத்தம். நின்றது. அந்தப் பெண்ணின் குரல், அவசரமே இல்லாமல்: “எனக்கு யார் மேலும் கோபம் இல்லீங்க. ராத்திரி பத்து வாட்டி கூப்புடும். இருந்தாலும் எந்திரிச்சித்தானே ஆகணும்.” நூல் அறுபடும் சத்தம். மறுபடி அவளே: “அலுத்துப்போச்சுங்க. அம்மாதான். ஆனா அலுத்துப்போச்சு.”

அடுத்து ஒரு குரல் வந்தது. கனிவான, கொஞ்சம் அவசரமான குரல். “இருந்தாலும் அம்மாவைப் பார்த்துக்கறோம்னு மனசுக்குள்ள ஒரு திருப்தி இருக்கும்ல?”

அது யாரென்று அவளுக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டதும் பதிவை நிறுத்தினாள்.

பின்னால் ஓட்டி மறுபடி கேட்டாள். அவள் குரல்தான். அதற்குத் தையற்காரப் பெண் சொன்ன பதில் நீண்ட அமைதிக்குப் பிறகு வந்தது: “ம்.” அப்புறம் இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது.

அந்த ‘ம்’மைத்தான் அவள் ‘மனநிறைவு’ என்று எழுதியிருந்தாள்.

அடுத்ததைக் கேட்டாள். கணவனைப் பார்த்துக்கொள்ளும் கடைக்காரம்மா. அழுகிறாள். மூக்கைச் சிந்துகிறாள். அழுகை முடிவதற்குள் அதே கனிவான குரல்: “இருந்தாலும் பாசம் இருக்கறதாலதானே செய்யறீங்க?” “அது இருக்குங்க, இல்லாம என்ன.” அதற்கு அடுத்தது. அண்ணனைப் பார்த்துக்கொள்ளும் ஓட்டுநர். அவர் மட்டும் சிரித்தார். “நீங்க என்ன சிஸ்டர், நான் ஒண்ணு சொன்னா நீங்க ஒரு மருந்து தடவிடறீங்க” என்றார். அந்த வரி அவளுடைய எழுத்துப்படியில் இல்லவே இல்லை. தேவையில்லாத பேச்சு என்று விட்டிருந்தாள்.

இயர்போனைக் காதிலிருந்து எடுத்தாள். வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். அது இருமிவிட்டு நின்றது. அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு விளிம்புக்கு வந்து நின்றிருக்கிறார்கள். கீழே எட்டிப் பார்க்கப் போனவர்களை இவள் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டிருக்கிறாள். யாருக்காக? அவர்கள் விழுந்துவிடுவார்கள் என்றா பயந்தாள்? அவர்கள் ஏற்கெனவே அங்கே நின்று பழகியவர்கள். பார்க்கப் பயந்தவள் இவள்தான்.

“பாப்பா” என்றார் அப்பா.

“என்னப்பா?”

“என்ன கேக்குற, பாட்டா?”

“இல்லப்பா. பேச்சு.”

“யாரு பேசறது?”

“நானேதான்” என்றாள். அவருக்கு அது வேடிக்கையாகப் பட்டிருக்கவேண்டும், ஒரு பக்க வாயால் சிரித்தார். சிரித்தபோது வழிந்த எச்சிலைத் துடைத்துவிட்டாள். அவர்மேல் கோபமில்லை. அலுப்பு இருந்தது. இரண்டையும் எந்தச் சொல்லாலும் இணைக்காமல் ஒரு நிமிடம் அப்படியே விட்டுவைத்துப் பார்த்தாள். ஒன்றும் ஆகிவிடவில்லை. அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பச்சையில் மெய்யான எதிர்ப்பு இருந்த இடங்கள் கொஞ்சம் கிடைத்தன. உறவினர் உதவ வருவதாகச் சொல்கிறார்கள், இருப்பினும் வருவதில்லை. அவை எண்ணோடு நின்றன, அவற்றைத் தொடவில்லை. மனநிறைவு வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுத்தபின் முடிவுரையில் பாதிப் பக்கம் காலியாகக் கிடந்தது. நாற்காலி நினைவுக்கு வந்தது. பழையபடி விட்டுவிட்டு, அந்த ‘ம்’முக்கு எண் ஏழு, ‘இல்லாம என்ன’வுக்கு எண் எட்டு என்று போட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. தேர்வாளர் ஒலிப்பதிவைக் கேட்கமாட்டார். விரல் அந்த எண் பொத்தான்மேல் சிறிது நேரம் இருந்தது. தையல் இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கிய சத்தம் காதில் இருந்துகொண்டே இருந்தது.

‘ஆய்வின் வரம்புகள்’ என்ற பகுதியில் எழுதினாள்: ‘பங்கேற்பாளர்கள் தங்கள் களைப்பைக் கூறியபோது, நேர்காணல் செய்தவர் பல இடங்களில் மனநிறைவை எதிர்பார்க்கும் கேள்விகளைக் கேட்டார். அவற்றுக்குக் கிடைத்த விடைகள் முடிவுகளில் சேர்க்கப்படவில்லை. நேர்காணல் செய்தவரும் வீட்டில் ஒருவரைப் பராமரிப்பவர்.’ கடைசி வாக்கியத்துக்கு முன்னால் விரல் தானாகவே ‘மேலும்’ என்று அடித்தது. அதை அழித்தாள்.

புதன்கிழமை பிற்பகல் நெறியாளர் அந்தப் பத்தியை வாசித்தாள். மறுபடி வாசித்தாள். காப்பிக் குவளையை எடுத்தாள், காலியாக இருந்தது, வைத்தாள்.

“இதுக்குக் கேள்வி வரும் சிஸ்டர். நேர்காணல்ல பதிலை நீங்களே எடுத்துக்குடுக்கற மாதிரி எப்படிக் கேட்டீங்கன்னு தேர்வாளர் பிடிப்பாரு. மதிப்பெண்கூடக் கொறையலாம். முடிவுரை சின்னதாயிடுச்சு, அதுவும் தெரியும்.”

“தெரியும் மேடம்.”

“முன்னாடி இருந்தது நல்லா உருண்டு திரண்டு இருந்துச்சு.”

“யாரும் சொல்லல மேடம் அதை.”

நெறியாளர் இவளை நிமிர்ந்து பார்த்தாள். பேனாவைத் தேடினாள். மேசையில் இருந்த மூன்று பேனாக்களும் எழுதவில்லை. இவள் தன் கைப்பையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தாள். கையெழுத்து விழுந்தது.

“போய்த் தூங்குங்க” என்றாள் நெறியாளர்.

“நீங்களும்.”

“எனக்கு இன்னும் பதினோரு மேலும் இருக்கு” என்று நாற்காலிகளைக் கண்ணால் காட்டினாள்.

வாசலில் ரேடியோ காத்திருந்தாள். “என்னக்கா, என் பட்டியல் வேலை செஞ்சுதா?” இவள் தையற்காரப் பெண்ணின் ‘ஆயினும்’ கதையைச் சொன்னதும், ரேடியோ வாழ்க்கையில் முதல்முறையாகச் சிறிது நேரம் பேச்சில்லாமல் நின்றாள். பிறகு, “ஐயோ, நானும் ரீப்ளேஸ் ஆல்தானே கொடுத்தேன்” என்று பையைத் தூக்கிக்கொண்டு கணினி அறைக்கு ஓடினாள்.

பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது தம்பி கூப்பிட்டான்.

“அக்கா, கட்டுரை கொடுத்துட்டியா? அப்பா எப்படி இருக்காரு?”

“கொடுத்துட்டேன். அப்பா அப்படியேதான். எனக்குக் கஷ்டமா இருக்குடா.”

அவன் காத்திருந்தான். அவளுக்குத் தெரிந்தது, எதற்காகக் காத்திருக்கிறான் என்று. நாக்கு நுனியில் ‘இருந்தாலும்’ வந்து நின்றது. பல வருடப் பழக்கம், சும்மா விடுமா? ஒரு பேருந்து வந்து, ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று. அது அவளுடையதில்லை.

“அக்கா? லைன்ல இருக்கியா?”

“இருக்கேன்.”

“இல்ல... ஏதோ சொல்ல வந்தியே.”

“சொல்லிட்டேன்டா. கஷ்டமா இருக்கு. அலுப்பா இருக்கு.”

மறுமுனையில் அவன் மூச்சு விடுவது கேட்டது. அவள் அந்த இடைவெளியில் எதையும் வைக்கவில்லை. வைக்காமலிருப்பது, அப்பாவைத் தனியாகத் தூக்கி உட்காரவைப்பதைவிடக் கடினமாக இருந்தது.

“சனிக்கிழமை...” என்றான் கடைசியில். “சனிக்கிழமை எனக்கு ஒரு வேலை இருக்கு. அதைத் தள்ளிப்போட முடியுமான்னு பார்க்கறேன்.”

‘பரவால்லடா, சிரமப்படாதே’ என்று வாய்வரை வந்தது. கைப்பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“பாரு” என்றாள்.